கிரிட்டிக்கல் பாத்தா, கிரிட்டிக்கல் செயினா? ஒரே ஆள் இரண்டு பணிகளில் இருக்கும்போது

மேல்நிலை ஷெட்யூலிங் பாடத்தில் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிடச் சொன்னால், பெரும்பாலான விடைத்தாள்கள் ஒரே மாதிரித்தான் வரும். ஒரு பக்கம் சிபிஎம் எனப்படும் கிரிட்டிக்கல் பாத் முறையின் கணக்கு, மறுபக்கம் எல்லாக் கால அளவையும் பாதியாக்கிய கிரிட்டிக்கல் செயின் கணக்கு, கடைசியில் "25 சதவீத நாட்கள் மிச்சம்" என்ற முடிவு. இதில் பெரிய ஓட்டை இருக்கிறது. எல்லாப் பணிகளையும் பாதியாக்கி, வரும் பணிச் சங்கிலியின் நீளத்தில் பாதியைப் பஃபராக, அதாவது பாதுகாப்பு நாட்களாகச் சேர்த்தால், எந்தப் புராஜெக்டாக இருந்தாலும் விடை பழைய நீளத்தில் முக்கால்தான். அந்த 25 சதவீதம் சூத்திரத்திலேயே இருப்பது, திட்டத்தைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. இரண்டு முறைகளுக்கும் உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது: ஆள் பற்றாக்குறையை எங்கே கணக்கில் எடுக்கிறோம், பாதுகாப்பு நாட்களை எங்கே வைக்கிறோம், வேலை நடக்கும்போது எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறோம் என்பவற்றில். ஒரு சிறிய கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

எடுத்துக்காட்டு

ஒரு அளவீட்டுக் கருவியின் முதல் மாதிரியைச் செய்ய வேண்டும். பணிகள் ஆறு. டிசைன் முடிந்த பிறகுதான் கேசிங், சர்க்யூட், புரோகிராம் மூன்றையும் தொடங்க முடியும். அவை மூன்றும் முடிந்தால்தான் அசெம்பிளி, அதன் பிறகு டெஸ்டிங். சர்க்யூட்டுக்கும் புரோகிராமுக்கும் இருப்பது ஒரே எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர்.

| பணி | ஆள் | பாதுகாப்பான மதிப்பீடு (நாள்) | இறுக்கிய மதிப்பீடு (நாள்) |
|---|---|---|---|
| டிசைன் | டிசைனர் | 10 | 5 |
| கேசிங் | ஒர்க்‌ஷாப் | 20 | 10 |
| சர்க்யூட் | எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் | 12 | 6 |
| புரோகிராம் | எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் | 16 | 8 |
| அசெம்பிளி | டெக்னீஷியன் | 8 | 4 |
| டெஸ்டிங் | டெஸ்டர் | 10 | 5 |

பாதுகாப்பான மதிப்பீடு என்பது, பத்தில் ஒன்பது முறை இதற்குள் முடித்துவிடலாம் என்று செய்பவர் துணிந்து சொல்லும் நாட்கள். இறுக்கியது, முடியவும் முடியாமல் போகவும் சரிபாதி வாய்ப்புள்ள நாட்கள்.

சிபிஎம் என்ன சொல்கிறது

1950-களின் பிற்பகுதியில் டூபான்ட் நிறுவனத்துக்காக மார்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய அடிப்படைக் கணக்கு, பணிகளின் முன்பின் தொடர்பை மட்டுமே பார்க்கிறது. டிசைன், கேசிங், அசெம்பிளி, டெஸ்டிங் என்ற பாதை 10 + 20 + 8 + 10 = 48 நாள். இதுதான் கிரிட்டிக்கல் பாத். சர்க்யூட்டுக்கு 8 நாளும் புரோகிராமுக்கு 4 நாளும் ஃப்ளோட், அதாவது திட்ட முடிவைத் தள்ளாமல் தாமதமாகக்கூடிய நாட்கள், இருப்பதாகக் கணக்கு காட்டும்.

அந்த ஃப்ளோட் இரண்டுமே பொய். சர்க்யூட்டையும் புரோகிராமையும் ஒரே ஆள்தான் செய்ய வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் 28 நாள். கேசிங்குக்கு ஆகும் 20 நாளைவிட இது அதிகம். ஆகவே ஆளைக் கணக்கில் எடுத்து ரிசோர்ஸ் லெவலிங் செய்தால் டிசைன் 10-ஆம் நாள், சர்க்யூட் 22, புரோகிராம் 38, அசெம்பிளி 46, டெஸ்டிங் 56-ஆம் நாள் முடியும். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய சிபிஎம் விடை இந்த 56-தான். 48-ஐ எடுத்துக்கொண்டு கிரிட்டிக்கல் செயினோடு ஒப்பிடுவது, நடக்கவே முடியாத திட்டத்தோடு ஒப்பிடுவது.

லெவலிங் செய்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் போன்ற மென்பொருள் லெவலிங் செய்யும்போது புரோகிராம் பணியைத் தள்ளிவைக்கிறது, ஆனால் சர்க்யூட்டுக்கும் புரோகிராமுக்கும் நடுவே புதிய தொடர்பு எதையும் போடுவதில்லை. இப்போது ஃப்ளோட்டைத் திரும்பப் பாருங்கள். சர்க்யூட் 22-ஆம் நாள் முடிகிறது, அசெம்பிளி 38-ஆம் நாள்தான் தொடங்குகிறது, ஆகவே சர்க்யூட்டுக்கு 16 நாள் ஃப்ளோட் என்று திரையில் வரும். டிசைனுக்கும் கேசிங்குக்கும் 8 நாள். சிவப்பு நிறத்தில் தெரியும் பாதை 22-ஆம் நாளில் புரோகிராமிலிருந்து திடீரென்று தொடங்கும், அதற்கு முன்னால் ஒன்றுமே இருக்காது. சர்க்யூட் ஒரு நாள் தாமதமானாலும் புரோகிராம் ஒரு நாள் தள்ளிப்போகும், திட்டமும் தள்ளிப்போகும், ஆனால் அறிக்கை 16 நாள் மிச்சம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். கிரிட்டிக்கல் பாத் திட்டத்தின் தொடக்கத்திலிருந்து வராமல் நடுவில் முளைத்தால், உங்கள் நெட்வொர்க்கில் ஆள் தொடர்பு விடுபட்டிருக்கிறதா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதைச் சரிசெய்ய கிரிட்டிக்கல் செயினுக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. சர்க்யூட் முடிந்ததும் புரோகிராம் தொடங்கும் என்ற தொடர்பை நாமே கையால் சேர்த்துவிட்டால் போதும். டிசைன், சர்க்யூட், புரோகிராம், அசெம்பிளி, டெஸ்டிங் என்ற முழுப்பாதையும் பூஜ்ய ஃப்ளோட்டோடு தெரியும், கேசிங்குக்கு மட்டும் 8 நாள் உண்மையான ஃப்ளோட் இருக்கும். கிரிட்டிக்கல் செயின் என்று சொல்லப்படும் சங்கிலியும் இதேதான். சங்கிலியைக் கண்டுபிடிப்பது அந்த முறைக்கு மட்டுமே உரியது என்று எழுதினால் அது தவறு.

கிரிட்டிக்கல் செயின் எங்கே பிரிகிறது

1997-இல் எலியாஹு கோல்ட்ராட் இதை முன்வைத்தபோது சொன்ன வாதம் மனிதர்களின் நடத்தையைப் பற்றியது. ஒவ்வொரு பணிக்குள்ளும் பாதுகாப்பு நாட்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை அங்கேயே விட்டுவைத்தால் வீணாகின்றன. டிசைனர் 6 நாளில் முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினியரின் நாட்குறிப்பில் சர்க்யூட் 10-ஆம் நாள்தான் தொடங்குகிறது, அதுவரை அவர் வேறு வேலையில் இருக்கிறார். அந்த 4 நாள் யாருக்கும் பயன்படாமல் போய்விடும். அதே டிசைன் 14 நாள் இழுத்தால் அந்த 4 நாள் தாமதம் அப்படியே அடுத்த பணிக்கு வந்துவிடும். தாமதம் கடந்து போகிறது, முன்கூட்டி முடிந்ததன் லாபம் கடந்து போவதில்லை. ஆகவே ஒளிந்திருக்கும் நாட்களை எடுத்துச் சங்கிலியின் கடைசியில் ஒரே இடத்தில் வைக்கலாம் என்பது யோசனை.

நம் கணக்கில் இறுக்கிய சங்கிலி 5 + 6 + 8 + 4 + 5 = 28 நாள். புராஜெக்ட் பஃபரை எவ்வளவு வைப்பது என்பதற்கு இரண்டு வழிகள் பரவலாகப் புழங்குகின்றன. முதலாவது, சங்கிலி நீளத்தில் பாதி: 14 நாள். இரண்டாவது, ஒவ்வொரு பணியிலும் வெட்டிய நாட்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது:

```
√(5² + 6² + 8² + 4² + 5²) = √166 ≈ 12.9
```

அதாவது 13 நாள். இந்த அளவு சங்கிலியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சங்கிலி நீளும்போதுதான் பிரிவு தெரியும். பணி ஒவ்வொன்றிலும் 4 நாள் வெட்டி, ஒவ்வொன்றையும் 4 நாளாக்கி, 25 பணிகள் வரிசையாக இருந்தால் சங்கிலி 100 நாள். பாதி முறை 50 நாள் பஃபர் தரும், வர்க்கமூல முறை 20 நாள்தான் தரும். முதலாவது அதிகம். ஹெர்ரூலன், லியூஸ் என்ற ஆய்வாளர்கள் இதைத்தான் விமர்சித்தார்கள்: பாதி விதி பஃபரைத் தேவைக்கு மேல் ஊதிவிடக்கூடும். ஆனால் இரண்டாவதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. அது எல்லாப் பணிகளின் தாமதங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்ற அனுமானத்தில் நிற்கிறது. 25 பணிகளையும் அனுபவம் குறைந்த ஒரே குழு செய்தால் எல்லாமே சேர்ந்து தாமதமாகும், அப்போது 20 நாள் பஃபர் பாதி வழியிலேயே காலியாகிவிடும். குறுகிய சங்கிலிக்குப் பாதி முறை, நீண்ட சங்கிலிக்கு வர்க்கமூலம், அதிலும் பணிகள் ஒரே காரணத்தால் தாமதமாகும் வாய்ப்பிருந்தால் அதற்குத் தனியாகக் கூடுதல் நாட்கள். என் தேர்வு இந்த வரிசைதான்.

பாதியாக்கக் கூடாத பணிகளும் உண்டு. டெஸ்டிங்கின் 10 நாளில் 4 நாள் கருவியை நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கும் சோதனை என்றால், அந்த 4 நாளை யாராலும் 2 ஆக்க முடியாது. மிச்ச 6 நாளை மட்டும் 3 ஆக்கலாம், ஆக டெஸ்டிங் 7 நாள், சங்கிலி 30. சங்கிலியில் பாதி என்றால் பஃபர் 15 வரும். வெட்டிய நாட்களோ 5 + 6 + 8 + 4 + 3 = 26, அதில் பாதி 13. நிஜமான பாதுகாப்பு குறைந்த பிறகும் பஃபர் கூடுவது முறையில்லை. இம்மாதிரிப் பணிகள் இருந்தால் வெட்டிய நாட்களை அடிப்படையாக வைத்தே கணக்கிட வேண்டும். தொடர்ந்து வரும் கணக்கில் எளிமைக்காக டெஸ்டிங்கை 5 நாளாகவே வைத்துக்கொள்கிறேன்.

இடம் கொள்ளாத ஃபீடிங் பஃபர்

கேசிங் முக்கியச் சங்கிலியில் இல்லை, அசெம்பிளியில் வந்து சேர்கிறது. அதன் தாமதம் சங்கிலியைத் தொடாமல் இருக்க, சேரும் இடத்தில் ஒரு ஃபீடிங் பஃபர் வைக்க வேண்டும். கேசிங் 10 நாள், பாதி முறையில் பஃபர் 5 நாள். அசெம்பிளி 19-ஆம் நாள் தொடங்குகிறது. பின்னோக்கிக் கழித்தால் 19 − 5 − 10 = 4. கேசிங் 4-ஆம் நாள் தொடங்க வேண்டும். ஆனால் டிசைன் முடிவதே 5-ஆம் நாள்.

பாடப்புத்தகப் படங்களில் இது வருவதில்லை, தேர்வுக் கணக்கிலும் நிஜத் திட்டத்திலும் அடிக்கடி வரும். கிளைப் பணி முக்கியச் சங்கிலியிலிருந்தே பிரிந்து மீண்டும் அதிலேயே சேர்ந்தால், நடுவில் கிடைக்கும் இடம் இவ்வளவுதான். சிலர் சூத்திரம் சொன்ன 5 நாளை வைத்தே தீருவேன் என்று அசெம்பிளியை ஒரு நாள் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்தால் புரோகிராமுக்கும் அசெம்பிளிக்கும் நடுவே வெறும் ஒரு நாள் இடைவெளி வந்துவிடும், சங்கிலியில் யாரும் வேலை செய்யாத நாள் ஒன்று உருவாகும். இன்னும் சிலர் 4 நாளாக வெட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அந்த ஒரு நாள் பாதுகாப்பு காணாமல் போகிறது. இடத்தில் கொள்ளும் 4 நாளை ஃபீடிங் பஃபராக வைத்து, கொள்ளாத 1 நாளைப் புராஜெக்ட் பஃபரில் சேர்ப்பதே நேர்மையான வழி. அப்போது புராஜெக்ட் பஃபர் 15, வாக்குறுதி நாள் 28 + 15 = 43.

இதே இடத்தில் வர்க்கமூல முறையைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கேசிங் ஒற்றைப் பணி, வெட்டியது 10 நாள், ஆகவே பஃபரும் முழு 10 நாள். இடம் 4 தான், கொள்ளாதது 6. அதைப் புராஜெக்ட் பஃபரில் அப்படியே சேர்த்தால் 13 + 6 = 19, வாக்குறுதி நாள் 47. முக்கியச் சங்கிலிக்குக் குறைவான பஃபர் தந்த முறை, கடைசியில் அதிக நாள் கேட்கிறது. இரண்டு முறைகளில் எது சிக்கனம் என்பதை நெட்வொர்க்கின் வடிவம்தான் தீர்மானிக்கிறது.

சரி, 43 நாளை எவ்வளவு நம்பலாம்? பணிகளின் கால அளவு பெரும்பாலும் வலப்பக்கம் இழுபடும்: சீக்கிரம் முடிவதற்கு எல்லை உண்டு, தாமதத்துக்கு எல்லை இல்லை. ஐம்பது சதவீத வாய்ப்பில் 5 நாள், தொண்ணூறு சதவீத வாய்ப்பில் 10 நாள் என்ற லாக்நார்மல் பரவலை எடுத்துக்கொண்டால், சராசரி 5 அல்ல, ஏறக்குறைய 5.8. இப்படியே சங்கிலி முழுக்கக் கூட்டினால் சராசரி 28-ல் நிற்காமல் 32-ஐத் தாண்டும். எல்லோரும் ஒழுங்காக வேலை செய்தாலும் சராசரியாக 4 நாள் பஃபர் செலவாகியே தீரும் என்று இதற்குப் பொருள். பஃபரைத் தொட்டாலே குற்றம் என்று நடத்தும் மேலாளர் இந்தக் கணக்கைப் பார்ப்பது அவசியம்.

வேலை நடக்கும்போது எதைப் பார்ப்பது

சிபிஎம்மில் ஒவ்வொரு பணிக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு, பூஜ்ய ஃப்ளோட் பாதையில் ஒரு நாள் தவறினாலும் திட்ட முடிவு நாள் தள்ளிப்போனதாகக் காட்டும். எந்த ஒரு நாள் தாமதம் சாதாரணமானது, எது ஆபத்து என்று பிரித்துச் சொல்லும் ஏற்பாடு அதில் இல்லை. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கிரிட்டிக்கல் பாத் மாறவும் கூடும். கிரிட்டிக்கல் செயினில் சங்கிலி நிலையாக இருக்கும், பணிகளுக்கு முடிவுத் தேதி கிடையாது. செய்பவரிடம் கேட்பது ஒரே கேள்வி: இன்னும் எத்தனை நாள்? "எத்தனை சதவீதம் முடிந்தது" என்று கேட்டால் தொண்ணூறிலேயே வாரக்கணக்கில் நிற்கும் விடைதான் வரும்.

நம் திட்டத்தில் டிசைன் 6 நாளும் சர்க்யூட் 9 நாளும் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 15-ஆம் நாள் சங்கிலியில் 11 நாள் வேலை முடிந்திருக்கிறது, அதாவது 28-ல் 39 சதவீதம். தாமதம் 4 நாள், 15 நாள் பஃபரில் 27 சதவீதம். எச்சரிக்கைக் கோடு தொடக்கத்தில் 10 சதவீதத்திலிருந்து முடிவில் 70 வரையும், ஆபத்துக் கோடு 30-லிருந்து 90 வரையும் ஏறுவதாக வரைந்திருந்தால், இந்தப் புள்ளி எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழே, பச்சையில் விழும். யாரையும் கூப்பிட்டு விளக்கம் கேட்கத் தேவையில்லை.

22-ஆம் நாள் இன்ஜினியர் புரோகிராமுக்கு இன்னும் 4 நாள் என்கிறார். 19-ல் முடிய வேண்டியது 26-க்குப் போகிறது. பஃபர் செலவு 7 நாள், 47 சதவீதம். சங்கிலியில் மிச்சம் 13 நாள், முடிந்தது 54 சதவீதம். அந்த இடத்தில் எச்சரிக்கைக் கோடு 42-ல் இருக்கிறது, ஆகவே மஞ்சள். மஞ்சளில் செய்ய வேண்டியது திட்டமிடுவது மட்டும்: எந்தப் பகுதியை டெஸ்டர் எடுத்துக்கொள்ளலாம், இன்ஜினியர் கையிலிருக்கும் எந்த வெளி வேலையை நிறுத்தலாம் என்று எழுதி வைப்பது. 25-ஆம் நாளும் அவர் அதே 4 நாள் என்றால், செலவு 10 நாள், 67 சதவீதம், முடிந்தது அதே 54. ஆபத்துக் கோடு 62-ல் இருக்கிறது, தாண்டியாகிவிட்டது. எழுதி வைத்ததை இப்போது நடைமுறைப்படுத்த வேண்டும். மூன்று நாள் வேலை நடந்தும் மிச்ச நாள் குறையவில்லை என்பதே உண்மையான செய்தி: மதிப்பீட்டில் வராத ஏதோ ஒன்று அந்தப் புரோகிராமில் இருக்கிறது.

எங்கே எது

கிரிட்டிக்கல் செயின் உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இறுக்கிய 5 நாளைக் காலக்கெடுவாக்கி, தவறியவரைக் கேள்வி கேட்கத் தொடங்கினால், அடுத்த திட்டத்தில் அவர் 20 நாள் கேட்பார், பாதியாக்கினால் 10 வரும், பாதுகாப்பு மீண்டும் பணிக்குள் ஒளிந்துகொள்ளும். இதைக் கண்டுபிடிக்கலாம்: பணிகள் எல்லாம் துல்லியமாக இறுக்கிய நாளில் முடிந்து பஃபர் ஏறக்குறைய தொடப்படாமலே இருந்தால் மதிப்பீடுகள் ஊதியிருக்கின்றன. பாதிக்குப் பாதி பணிகள் இறுக்கிய நாளைத் தாண்டுவதுதான் இயல்பு. இன்னொரு ஆபத்து, இன்ஜினியர் இரண்டு மூன்று திட்டங்களில் ஒரே சமயத்தில் இருப்பது. சர்க்யூட்டையும் புரோகிராமையும் பாதிப்பாதியாக மாற்றி மாற்றிச் செய்தால், 6 நாளில் முடிய வேண்டிய சர்க்யூட்டுக்கே ஏறக்குறைய 12 நாள் ஆகிவிடும், கவனம் மாறும் நேரம் வேறு. அதைத் தடுக்க அதிகாரம் இல்லாத மேலாளருக்கு 43 நாள் திட்டம் கொடுப்பது வீண்.

பணிகளுக்கு ஆள் போதுமான அளவு இருந்து, லெவலிங்குக்குப் பிறகும் பாதை மாறாமல் இருந்தால், கிரிட்டிக்கல் செயின் தரும் கூடுதல் பயன் பஃபர் கண்காணிப்பு மட்டுமே. சரியான தொடர்புகளும் கடைசியில் வெளிப்படையான ஒரு கூடுதல் கால ஒதுக்கீடும் உள்ள சிபிஎம் அதில் பெரும்பங்கைத் தந்துவிடும். ஆள் தட்டுப்பாடு உள்ள, மதிப்பீடுகள் நிச்சயமில்லாத, மேலாளரே ஆட்களை ஒதுக்கும் உள்வேலைகளில், குறிப்பாகப் புதிய பொருள் உருவாக்கத்தில், கிரிட்டிக்கல் செயினைத் தேர்ந்தெடுப்பேன்.

வெளி ஒப்பந்தமாக இருந்தால் விஷயம் வேறு. கட்டுமான ஒப்பந்தங்களில் கால நீட்டிப்பு கேட்கும்போது, எந்தத் தாமதம் கிரிட்டிக்கல் பாத்தைத் தொட்டது என்பதை வைத்துத்தான் வாதம் நடக்கும். பணிகளுக்கு முடிவுத் தேதியே இல்லாத ஒரு திட்டத்தைக் காட்டி அதை நிறுவுவது கடினம். மேலும் 15 நாள் பஃபர் அட்டவணையில் வெளிப்படையாக இருந்தால், தன்னால் வந்த தாமதத்தையும் அதிலிருந்தே கழிக்கலாம் என்று வாடிக்கையாளர் கேட்பார். ஆகவே ஒப்பந்தத்துக்கு ஆள் தொடர்புகள் சேர்த்த சிபிஎம் அட்டவணையைக் கொடுத்து, பஃபர் யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டு, உள்ளுக்குள் அதே சங்கிலியைப் பஃபர் வைத்து நடத்துவதே நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டு அட்டவணைகளிலும் பணி எண்களும் தொடர்புகளும் ஒன்றாக இருக்க வேண்டும். கால அளவுகள் மட்டும் வேறுபடலாம்.